அத்தைக்கும் புரிய, தம்பிக்கும் புரிய: கேப்ஷன் எந்த மொழியில்?

என் அத்தை 34 ஆண்டுகள் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அன்று, இன்ஸ்டாகிராமில் அவருடைய பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டு, கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன்.

```
End of an era. Thank you for everything.
```

அரை மணி நேரத்தில் பெரியப்பா அப்பாவுக்குப் போன் செய்தார். குரல் நடுங்கியது. "தங்கச்சிக்கு என்ன ஆச்சு? யாரும் என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டார். அவர் அந்த வரிக்குக் கீழே இருந்த மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். "ஒரு சகாப்தத்தின் முடிவு. எல்லாவற்றுக்கும் நன்றி" என்று வந்திருக்கிறது. மேலே கறுப்பு வெள்ளைப் படம். தமிழில் சகாப்தம் முடிந்தது என்று எங்கே எழுதுவார்கள்? இரங்கல் செய்தியில்தான். பெரியப்பா தப்பாகப் படிக்கவில்லை. அவர் படித்த மொழியில் அதற்கு அர்த்தமே அதுதான்.

அன்றிலிருந்து வீட்டில் யார் படம் போட்டாலும் கேப்ஷனை ஒரு முறை என்னிடம் காட்டுகிறார்கள். பெரியவர்களும் சின்னத் தம்பி தங்கைகளும் ஒரே பக்கத்தைப் பின்தொடரும்போது தமிழா ஆங்கிலமா என்று எப்படி முடிவு செய்வது என்பதை, புதிதாகப் படம் போடத் தொடங்கியிருப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக அந்த அத்தை படத்தையே கடைசி வரை வைத்துக்கொள்கிறேன்.

முதலில்: யார் எதைப் படிக்கிறார்கள்?

பெரியவர்களுக்குத் தமிழ், சின்னவர்களுக்கு ஆங்கிலம் என்று வயதை வைத்துப் பிரிப்பதுதான் எல்லாரும் முதலில் செய்வது. அது பாதிதான் சரி. நீங்கள் பார்க்க வேண்டியது வயதை அல்ல, ஒருவர் எந்த எழுத்தைத் தடையில்லாமல் படிக்கிறார் என்பதை. பேசுவதும் படிப்பதும் வேறு வேறு. வீட்டில் சரளமாகத் தமிழ் பேசும் தம்பிக்குத் தமிழ் எழுத்து தெரியாமல் இருக்கலாம், அல்லது எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரலாம். அலுவலகத்தில் காலமெல்லாம் ஆங்கிலக் கடிதம் எழுதிய மாமாவுக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும், ஆனால் இன்றைய இளைஞர்களின் ஆங்கிலம் தெரியாது.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சித்தி உங்கள் படத்துக்குக் கீழே "super da kannu" என்று ஆங்கில எழுத்தில் எழுதுகிறார். அதைப் பார்த்து, சரி, சித்திக்கு ஆங்கில எழுத்துதான் வசதி போல என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் சித்தியின் போனில் தமிழ் விசைப்பலகை இல்லாமல் இருக்கும், அல்லது எப்படி மாற்றுவது என்று யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். தினமும் தமிழ்ச் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவராகவும் அவரே இருப்பார். ஒருவர் எதில் தட்டுகிறார் என்பது அவருடைய போனைப் பற்றித்தான் சொல்லும், அவருடைய படிப்பைப் பற்றிச் சொல்லாது. அவர் என்ன படிக்கிறார், உங்களுக்கு எந்த மொழிச் செய்திகளை அனுப்பிவைக்கிறார் என்று பாருங்கள். அதுதான் நம்பத்தக்க அடையாளம்.

ஒரு தாளை எடுத்து, உங்கள் படங்களை வழக்கமாகப் பார்க்கும் சொந்தக்காரர்களில் ஒரு பத்துப் பேரை எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் எதிரே மூன்றில் ஒன்று: தமிழ் எழுத்து மட்டும் சுலபம், இரண்டும் சுலபம், தமிழ் கேட்டால் புரியும் ஆனால் படிக்க வராது. சந்தேகம் வந்தால் கேட்டுவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். என் பட்டியலில் நான்கு பேர் முதல் வகை, நான்கு பேர் இரண்டாம் வகை, வெளிநாட்டில் வளரும் இரண்டு தம்பிகள் மூன்றாம் வகை. இரண்டும் சுலபமாகப் படிக்கிறவர்களைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். நீங்கள் எப்படி எழுதினாலும் அவர்களுக்குப் புரியும். இரண்டு ஓரங்களிலும் இருப்பவர்களுக்காகத்தான் இந்த யோசனை எல்லாம்.

இந்தப் படம் யாருடையது?

பட்டியல் கையில் வந்ததும் அடுத்த கேள்வி இதுதான். படத்தில் இருப்பவர் யார், அவர் தன்னைப் பற்றி எழுதியதைத் தானே படிக்க முடியுமா? இதற்கு நான் விதிவிலக்கே வைப்பதில்லை. பாட்டியின் படத்துக்குக் கீழே பாட்டி படிக்க முடியாத மொழியில் பாட்டியைப் பற்றி எழுதக் கூடாது. நூறு பேர் பாராட்டியிருக்கும் ஒரு வரியை, பேரனிடம் போனை நீட்டி "என்னடா எழுதியிருக்கு?" என்று கேட்க வைப்பது சரியில்லை. ஆகவே பெரியவர் இருக்கும் படம் என்றால் தமிழ் முதலில் வரும், ஆங்கிலம் பின்னால் வரும்.

தம்பி தங்கைகள் மட்டும் இருக்கும் படம், அவர்களுக்குள் ஓடும் கேலி என்றால் ஆங்கிலம் மட்டும் போதும். ஆனால் அந்தக் கேலி பெரியவர்கள் கண்ணில் பட்டால் விளக்கம் சொல்ல வேண்டி வருமா என்று ஒரு நொடி யோசியுங்கள். வரும் என்றால் மொழியை மாற்றிப் பயனில்லை, பார்வையாளர்களை மாற்றுங்கள். இன்ஸ்டாகிராமில் 'க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ்' என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ள முடியும். அதில் தம்பி தங்கைகளை மட்டும் சேர்த்து அங்கே போடலாம். ஆங்கிலத்தை ஒரு திரைபோல நம்பி, "மாமாவுக்கு இது புரியாது" என்று எழுதுபவர்கள் மொழிபெயர்ப்புப் பொத்தானை மறந்துவிடுகிறார்கள். மாமாவுக்குப் புரியும், அதுவும் பாதியாகப் புரியும்.

தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினால் என்ன?

இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருக்கட்டுமே என்று பலர் தங்கிலீஷுக்குப் போகிறார்கள். அரட்டைக்கு அது நல்லதுதான், வேகமாகத் தட்டலாம். கேப்ஷனுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தமிழ் எழுத்து மட்டும் படிப்பவருக்கு அது தெரியாத எழுத்து. தமிழைக் காதால் மட்டும் கற்ற தம்பிக்கு, அந்த எழுத்துக்கூட்டலை வைத்துச் சரியான ஒலியைக் கண்டுபிடிப்பது ஒரு புதிர். `palam` என்று எழுதினால் அது பலமா, பழமா, பாலமா? ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்து, குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே எழுத்து. தமிழில் ஊறியவர்கள் சூழலை வைத்துச் சரியாக ஊகித்துவிடுவார்கள். ஊகிக்க முடியாதவர்களுக்காகத்தானே நாம் எழுதுகிறோம்.

இயந்திரங்களும் அங்கே தடுமாறும். கண் சரியில்லாத பெரியவர்கள் சிலர் போனையே வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். தமிழ் எழுத்தில் இருந்தால், தமிழ்க் குரல் போட்டிருக்கும் போன் அதைத் தமிழாக வாசிக்கும். ஆங்கில எழுத்தில் இருக்கும் தமிழை ஆங்கிலக் குரலில் வாசித்தால் காதில் விழுவது எந்த மொழியும் இல்லை. மொழிபெயர்ப்புப் பொத்தானையும் அங்கே நம்ப முடியாது, அது வராமலே போகலாம், வந்தாலும் தப்பாக வரலாம்.

ஆங்கில எழுத்தில் தமிழ் அழகாகப் பொருந்தும் இடம் ஒன்றே ஒன்று: ஆங்கில வாக்கியத்துக்கு நடுவே வரும் உறவுப்பெயர். `Aunty` என்று எழுதாமல் `Athai` என்று எழுதுங்கள், `Uncle` என்பதற்குப் பதில் `Periyappa` அல்லது `Mama`. வெளிநாட்டுத் தம்பிகள் அந்தச் சொற்களைக் காதால் நன்றாக அறிந்தவர்கள். பெரியவர்களும் ஆங்கிலப் பத்தியை மேலோட்டமாகப் பார்க்கும்போது, தங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்வார்கள்.

இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்

இங்கேதான் வேலை அதிகம். ஆங்கிலத்தில் ஒன்றை எழுதிவிட்டு அதைத் தமிழாக்குவது, அல்லது தமிழை ஆங்கிலமாக்குவது, இரண்டுமே பெரும்பாலும் நன்றாக வராது. ஆங்கிலக் கேப்ஷன்கள் பெரும்பாலும் மரபுத்தொடர்களால் ஆனவை. ஒரு மரபுத்தொடர் மொழி தாண்டும்போது அதன் நேர்ப்பொருள் மட்டும்தான் தாண்டும். `partner in crime` என்று தங்கையைப் பற்றி எழுதினால், சொல்லுக்குச் சொல் மாற்றும்போது அவள் குற்றத்தில் கூட்டாளி ஆகிவிடுகிறாள். மேடையில் நன்றாகப் பாடிய தம்பியைப் பற்றி `killed it` என்று எழுதினால் யாரையோ கொன்றுவிட்டான். நீங்கள் தமிழில் ஒரு சொல்கூட எழுதாவிட்டாலும், பெரியவர்கள் கைக்கு இந்த மொழிபெயர்ப்புதான் போய்ச் சேரும். ஆகவே ஆங்கில வரியை எழுதி முடித்ததும், ஒவ்வொரு சொல்லையும் அதன் நேர்ப்பொருளில் ஒரு முறை படித்துப் பாருங்கள். சாவு, குற்றம், இழப்பு, முடிவு என்று ஏதாவது தலைகாட்டினால் அந்த வரியை மாற்றுங்கள்.

தமிழ் வரியில் இருக்கும் சிக்கல் வேறு மாதிரி. ஆங்கிலத்தில் மரியாதையைத் தனியாகக் காட்ட வேண்டியதில்லை. தமிழில் வினைச்சொல்லின் வால் காட்டிக்கொடுத்துவிடும். ஓய்வு பெற்றார், ஓய்வு பெற்றாங்க, ஓய்வு பெறுகிறார்கள் என்று எதை எழுதினாலும் ஒவ்வொன்றும் வேறு தூரத்தில் நிற்கிறது. "பெற்றார்" கொஞ்சம் செய்தித்தாள் மாதிரி. "பெற்றாங்க" பேச்சு மாதிரி, ஆனால் எழுதிப் பார்க்கும்போது சில பெரியவர்களுக்கு அது அரைகுறையாகத் தெரியும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்கோ பேச்சு வடிவம்தான் சுலபம். அவர்கள் வாய்விட்டு ஒலித்துப் பார்த்து, "ஓ, இந்தச் சொல்லா!" என்று காதால்தான் கண்டுபிடிக்கிறார்கள். "செல்கின்றனர்" என்பதை ஒலித்து முடித்தாலும் அவர்களுக்கு அது என்னவென்று தெரியாது, ஏனென்றால் வீட்டில் யாரும் அப்படிப் பேசியதே இல்லை.

இதற்கு நான் கண்டுகொண்ட வழி, வினைச்சொல்லையே விட்டுவிடுவது. தமிழில் வினை இல்லாமலும் வாக்கியம் முழுமையாக நிற்கும். "இன்று அத்தைக்குப் பணி ஓய்வு." "பாட்டிக்கு 80." "தாத்தா கையில் முதல் கொள்ளுப்பேத்தி." இதில் எழுத்து நடையும் இல்லை, கொச்சையும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. சொற்களும் எல்லார் காதுக்கும் பழகியவை. புதிதாக எழுதுபவர்கள் தமிழ் வரியைப் பெயர்ச்சொல்லில் முடிக்கப் பழகினாலே பாதித் தயக்கம் போய்விடும்.

அப்புறம் உறவுப்பெயர். `cousins` என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் எல்லாரையும் அடக்கிவிடலாம். தமிழ் வரியில் அதைக் "கசின்ஸ்" என்று அப்படியே இறக்கினால் பெரியவர்களுக்குச் சற்று உறுத்தும். சித்தப்பா மகன் அவர்களுக்குக் கசின் இல்லை, உங்கள் தம்பி. பெரியம்மா மகள் உங்கள் அக்கா. அப்படியே எழுதுங்கள், அவர்கள் முகம் மலரும். ஆனால் அத்தை பிள்ளைகள், மாமா பிள்ளைகள் விஷயத்தில் கவனம் வேண்டும். அந்த உறவில் எல்லா வீட்டிலும் அண்ணன் தங்கை என்று சொல்வதில்லை. சில வீடுகளில் மச்சான், மதினி என்ற முறை இன்றும் பேச்சில் இருக்கிறது. நீங்கள் பாசமாகத் "தங்கை" என்று எழுத, ஒரு மூத்தவர் "முறையை மாத்திட்டியே" என்று சொல்லலாம். "அத்தை மகள்" என்று எழுதினால் யாருக்கும் தவறாகப் படாது. உங்கள் வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறீர்களோ அதையே எழுதுவது இன்னும் நல்லது.

இன்னொன்று, நீங்கள் அத்தை என்று எழுதுவது உங்கள் இடத்திலிருந்து. பெரியப்பாவுக்கு அவர் தங்கை, இன்னொருவருக்குச் சித்தி. வீட்டில் இரண்டு மூன்று அத்தைகள் இருந்தால் யார் என்று தெரியாது. பெயரைச் சேர்த்து எழுதிவிடுங்கள், அல்லது "எங்கள்" என்று தொடங்குங்கள்.

முதல் வரிக்குள் செய்தி முடிய வேண்டும்

இன்ஸ்டாகிராம் ஒரு கேப்ஷனுக்கு 2,200 குறிகள் வரை இடம் தருகிறது. அந்த இடம் தாராளமாகப் போதும், இரண்டு மொழியும் வசதியாக உட்காரும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. படத்தின் கீழே முதலில் கண்ணில் படுவது ஒன்றிரண்டு வரிதான். மீதியைப் பார்க்கத் தட்ட வேண்டும். எங்கள் வீட்டுப் பெரியவர்களில் பலருக்கு அங்கே தட்டலாம் என்பதே தெரியாது. தெரிந்தவர்களும் எல்லா நேரமும் தட்டுவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பெரியவர்களில் பலர் உங்கள் படத்தை உங்கள் பக்கத்தில் பார்ப்பதே இல்லை. யாரோ ஒருவர் திரையைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார், அங்கேதான் பார்க்கிறார்கள். அப்படிப் பிடித்த படத்தில் முதல் வரி மட்டும்தான் இருக்கும். மொழிபெயர்ப்புப் பொத்தானும் அதில் வேலை செய்யாது. ஆகவே முதல் வரியை அது மட்டும் தனியாகப் போனாலும் முழுச் செய்தி சொல்லும்படி எழுத வேண்டும். யார், என்ன, நல்ல செய்தியா இல்லையா, இந்த மூன்றும் அதில் இருந்தால் போதும். என் பழைய வரியில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

தமிழில் எழுதும்போது இடம் சீக்கிரம் தீர்வதுபோலத் தோன்றும், அதற்குக் காரணம் உண்டு. கணினிக்கு நம் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு குறி அல்ல. புள்ளி தனிக் குறி, கொம்பும் காலும் தனிக் குறிகள். "அத்தைக்கு" நம் கணக்கில் 5 எழுத்து, யூனிகோடு கணக்கில் 9 குறிகள். "எங்கள் அத்தைக்கு இன்று பணி ஓய்வு" என்பது 17 எழுத்து, ஆனால் இடைவெளியைச் சேர்க்காமலே 28 குறிகள். எக்ஸ் தளத்தில் 280 குறிகளுக்குள் எழுதும்போது இது உடனே கைக்குத் தெரியும். அங்கே இரண்டு மொழியையும் ஒரே பதிவில் திணிக்காதீர்கள். தமிழை முதல் பதிவாகப் போட்டு, ஆங்கிலத்தை அதற்கு மறுமொழியாகக் கீழே போடுங்கள்.

சரி, அத்தை படத்துக்கு வருவோம்

பெரியப்பாவின் போனுக்குப் பிறகு நான் கேப்ஷனைத் திருத்தினேன். போட்ட பிறகும் கேப்ஷனை மாற்றிக்கொள்ள இன்ஸ்டாகிராம் விடுகிறது. முதலில் எழுதிப் பார்த்த தமிழ் வரி இது: "34 ஆண்டுகால அர்ப்பணிப்பான ஆசிரியப் பணியிலிருந்து எங்கள் அத்தை இன்று ஓய்வு பெறுகிறார்." பிழை இல்லை. ஆனால் அழைப்பிதழ் மாதிரி இருந்தது. ஓய்வு என்ற சொல் வருவதற்குள் வரி மடங்கிவிட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் தம்பி "அர்ப்பணிப்பான" என்ற சொல்லிலேயே நின்றுவிடுவான். அந்தச் சொல்லை எடுத்தேன், வினையை எடுத்தேன், அத்தையை முன்னுக்குக் கொண்டுவந்தேன்.

ஆங்கிலத்தில், தமிழில் சொன்னதையே திருப்பிச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன். பெரியவர்களுக்கு 34 ஆண்டுக் கதை தெரியும், அவர்களுக்குச் செய்தி மட்டும் போதும். வெளிநாட்டில் வளரும் தம்பிகளுக்கு அத்தை என்றால் விடுமுறையில் பார்க்கும் ஒருவர். அவர் நம்மில் பாதிப் பேருக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதை அவர்களுடைய வரியில் வைத்தேன். கடைசியில் நின்றது இது:

```
எங்கள் அத்தைக்கு இன்று பணி ஓய்வு.
34 ஆண்டு ஆசிரியர் வேலை. இனி காலை 5 மணி அலாரம் கிடையாது!

Athai retired today after 34 years of teaching.
She taught half of us to read. No more 5 am alarms!
```

முதல் வரி மட்டும் குழுவுக்குப் போனாலும் பயமில்லை. ஆங்கிலப் பத்தியை யாராவது மொழிபெயர்த்தாலும் அதில் தடுக்கி விழ எதுவும் இல்லை. அலாரம் என்ற சின்ன விஷயத்தை இரண்டிலும் வைத்ததற்குக் காரணம், இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் சிரிக்க வேண்டும் என்பது. அதே அத்தையைப் பற்றி இரண்டு கூட்டமும் ஒன்றாகப் பேச ஒரு பிடி வேண்டுமே. படத்தையும் மாற்ற முடிந்திருந்தால் வண்ணப் படமாக மாற்றியிருப்பேன். கறுப்பு வெள்ளை உருவப்படம் போடும்போது மட்டும் முதல் வரி இரட்டிப்புத் தெளிவாக இருக்க வேண்டும்.

அமைப்பில் கவனிக்க அதிகம் இல்லை. தமிழ் ஒரு பத்தி, ஒரு வரி இடைவெளி, அப்புறம் ஆங்கிலம். ஒரு வரி தமிழ், ஒரு வரி ஆங்கிலம் என்று மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டு பேருக்குமே கண் தாவித் தாவிப் போகும். ஆங்கிலப் பத்தியில் சாய்வும் அலங்காரமுமாக எழுத்தை மாற்றித் தரும் செயலிகளைத் தவிருங்கள். அவை எழுத்துருவை மாற்றுவதில்லை, கணிதக் குறியீடுகளை எழுத்துபோல அடுக்குகின்றன. வாசித்துக்காட்டும் போன் அவற்றைச் சொற்களாக வாசிக்காமல் தடுமாறும். கேப்ஷனைப் படத்துக்குள்ளேயே எழுதுவதும் பெரியவர்களுக்கு உதவாது. எழுத்து சின்னதாக இருக்கும், போனால் வாசித்துக்காட்டவும் முடியாமல் போகலாம். அப்படிக் கட்டாயம் எழுத வேண்டும் என்றால், சில செயலிகள் தமிழை உடைத்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். "கொ" போன்ற எழுத்தில் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறியிருக்கிறதா, எங்காவது புள்ளிவட்டம் ஒன்று முளைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

துக்கச் செய்தி என்றால்

மேலே சொன்ன எதற்கும் இங்கே இடமில்லை, வரிசை மட்டும் முக்கியம். முதலில் போன், அப்புறம்தான் பதிவு. நெருங்கிய பெரியவர் எவரும் ஒரு மரணத்தைத் திரையில் முதல் முதலாகத் தெரிந்துகொள்ளக் கூடாது. பதிவில் தமிழ் முன்னால், ஆங்கிலம் பின்னால். தமிழில் "காலமானார்" என்பது எந்த நம்பிக்கை உள்ளவருக்கும் பொருந்தும், மரியாதையானது, தெளிவானது. ஆங்கிலத்தில் `RIP` என்று மூன்று எழுத்தில் முடிப்பது பெரியவர்களைப் புண்படுத்தும். `We lost Thatha` என்பதும் வேண்டாம், மொழிபெயர்ப்பில் தாத்தா தொலைந்துபோனவர் ஆகிவிடலாம். `Thatha passed away this morning` என்று நேராக எழுதுங்கள். தம்பி தங்கைகளுக்கும் அதுதான் நல்லது, அந்த நேரத்தில் அவர்களும் எதையும் ஊகிக்கக் கூடாது.

போடுவதற்கு முன் ஒரு சோதனை, போட்ட பின் ஒன்று

போடுவதற்கு முன், உங்கள் ஆங்கில வரியை மொழிபெயர்ப்புச் செயலி ஒன்றில் ஒட்டித் தமிழில் என்ன வருகிறது என்று பாருங்கள். அந்த மொழிபெயர்ப்பை வெளியிட வேண்டாம், அதை ஒரு எச்சரிக்கை மணியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெரியப்பா என்ன பார்ப்பாரோ அதை நீங்கள் அவருக்கு முன்னால் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். தமிழ் வரியை வாய்விட்டு ஒரு முறை படியுங்கள். நீங்கள் மூச்சு வாங்கும் இடத்தில் தம்பி நிறுத்திவிடுவான்.

போட்ட பின், லைக் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். படம் பிடித்திருந்தால் படிக்காமலே லைக் விழும். யார் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். எந்தப் படத்துக்கும் ஒரே கும்பிடு போடும் பெரியவர், ஒரு படத்தில் அந்தப் படத்தைப் பற்றியே ஏதாவது சொல்லியிருந்தால் அவர் படித்துவிட்டார். தம்பி வந்து "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டால் ஆங்கிலப் பகுதி போதவில்லை. யாராவது போன் செய்து "என்ன ஆச்சு?" என்று கேட்டால் முதல் வரியில் ஏதோ தப்பு, உடனே திருத்துங்கள். ஏற்கெனவே பார்த்துவிட்டவர்களுக்குத் திருத்தம் தானாகப் போய்ச் சேராது, அதையும் போனில்தான் சொல்ல வேண்டும்.

நான் திருத்திய அன்று இரவு பெரியப்பா அந்தப் படத்துக்குக் கீழே குரலால் தட்டச்சு செய்து எழுதியிருந்தார்: "இனிமேலாவது தூங்கும்மா." அதற்கு அடுத்ததாக, தமிழ் படிக்க வராத சின்னத் தம்பி ஆங்கிலத்தில் கேட்டிருந்தான், அடுத்த விடுமுறைக்கு வரும்போது அத்தை தனக்கும் தமிழ் எழுத்து சொல்லித்தருவாரா என்று. அத்தை தன் போனில் தமிழ் விசைப்பலகையை எப்படிப் போடுவது என்று என்னிடம் கேட்டு, அவனுக்கு மறுமொழியாக ஒரே ஒரு எழுத்தைத் தட்டி அனுப்பினார்: "அ".